ஒரு வாய்த் தண்ணீர்

அக்காவின் கழுத்து வீக்கம் முதலில் தீபாவளிப் படத்தில்தான் கண்ணில் பட்டது. குரல்வளைக்குக் கீழே, சற்று வலப்பக்கமாக. வலி இல்லை. "சதை போட்டிருக்கு" என்றாள் அத்தை.

ஜார்ஜ்டவுன் கிளினிக்கில் டாக்டர் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கச் சொன்னார். வீக்கம் மேலே ஏறி இறங்கியது. தைராய்டு சுரப்பி மூச்சுக்குழாயோடு ஒட்டியிருப்பதால், விழுங்கும்போது அதுவும் கூடவே ஏறும். சளிக் காய்ச்சலில் வரும் நெறிக்கட்டி பொதுவாக அப்படி அசையாது.

ரத்தத்தில் டி.எஸ்.எச். அளவு சரியாகவே இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, டாக்டருக்கு இல்லை. ஹார்மோன் சீராகச் சுரக்கிறதா என்பதைத்தான் ரத்தம் சொல்லும், உள்ளே கட்டி இருக்கிறதா என்பதை அல்ல என்றார். ஸ்கேனில் இரண்டரை சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. மெல்லிய ஊசியால் செல்களை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் இல்லை. ஓராண்டு கழித்து மறுபடி ஸ்கேன்.

அயோடின் உப்பைக் கூட்டச் சொன்னாள் அத்தை. அயோடின் குறைவால் வந்த கழலைக்குத்தான் அது மருந்து. மற்றவர்களுக்கு அதிக அயோடின் தைராய்டையே குழப்பலாம்.

"குரல் கரகரக்குதா?" என்றும் டாக்டர் கேட்டிருந்தார். வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு அந்தக் கேள்விதான் மனதில் நின்றது. குரல் நாணை அசைக்கும் நரம்பு தைராய்டுக்குப் பின்புறமாகவே செல்கிறது. வீக்கத்தோடு குரல் மாறி மூன்று வாரமாகியும் தெளியாவிட்டால், அல்லது வீக்கம் வேகமாக வளர்ந்தால், ஓராண்டுக் கணக்கெல்லாம் கிடையாது. உடனே வரச் சொன்னார்.