100 மடிப்பு, 7 வரி... குட்டிக் கவுனில் ஸ்மாக்கிங் சீராக வருவது எப்படி?

குழந்தையின் கவுனில் நெஞ்சுப் பகுதி மட்டும் புடவைக் கொசுவம் போல நெருக்கமாகச் சுருங்கி, அதன் மேல் வண்ண நூலில் வரி வரியாகத் தையல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஸ்மாக்கிங். 18, 19-ம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் பண்ணைத் தொழிலாளர்கள் போட்ட தொளதொள மேலங்கியிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது. எலாஸ்டிக் இல்லாத காலத்தில், அகலமான துணியை உடம்புக்குப் பொருத்தமாகச் சுருக்கி நிறுத்த அவர்கள் கண்ட வழி அது. பின்னாளில் அது குழந்தைகளின் கவுனுக்கு வந்து சேர்ந்தது. கான்வென்ட் தையல் வகுப்புகள் வழியாக நம் ஊருக்கும் வந்தது. புதுச்சேரியில் க்ளூனி சபைக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் எம்பிராய்டரி மையம் இன்றும் கைத்தையலுக்குப் பெயர் பெற்ற இடம்.

புதுச்சேரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் வானூரில், வீட்டுத் திண்ணையில் தையல் மிஷின் போட்டிருக்கிறார் ஓர் இளம் தாய். கணவருக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாத்தியில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் வீட்டுச் செலவு இவரது ஊசியை நம்பித்தான். ஜாக்கெட், சுடிதார் என்று தைத்துக்கொண்டிருந்தவரிடம் ஒரு கடை, இரண்டு வயதுக் குழந்தைக்கான ஸ்மாக்கிங் கவுன் ஒன்றை மாதிரிக்குக் கேட்டது. பிடித்தால் இன்னும் ஆறு கவுன். ஆனால், ஸ்மாக்கிங் அவருக்குப் புதிது. இளம் வயதில் கான்வென்டில் தையல் படித்த பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் கைகொடுத்தார்.

கணக்கு முதலில்

கவுனின் முன்பக்கம் நெஞ்சில் 20 சென்டிமீட்டர் அகலம் வர வேண்டும். ஸ்மாக்கிங்குக்கு அதுபோல மூன்று மடங்கு, அதாவது 60 சென்டிமீட்டர் துணி தேவை. இரு ஓரத்திலும் தையலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் விட்டால் 63. மெல்லிய வெள்ளைக் காட்டன் துணியை முதலில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுக்கொண்டார். புதுத்துணி தைத்த பிறகு சுருங்கினால் மடிப்பெல்லாம் கோணிவிடும்.

துணியின் உள்பக்கத்தில் ஸ்கேலும் பென்சிலும் வைத்து, 6 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. ஒரு வரிக்கு 101 புள்ளி. இரண்டு புள்ளிக்கு நடுவே ஒரு மடிப்பு எழும்பும் என்பதால் 100 மடிப்பு கிடைக்கும். வரிக்கு வரி இடைவெளி ஒரு சென்டிமீட்டர். பூத்தையல் போடப்போவது 7 வரிதான். ஆனாலும் மேலே ஒன்று, கீழே ஒன்று கூடுதலாகச் சேர்த்து 9 வரி புள்ளி வைக்கச் சொன்னார் பெரியம்மா. அந்த இரண்டிலும் பூத்தையல் கிடையாது. ஓர மடிப்புகள் விரிந்துவிடாமல் பிடித்து நிறுத்தும் காவல் வரிகள் அவை.

மடிப்பு பிடிக்கும் நூல்

அடுத்து, சுருக்க நூல். துணி நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபடும், அறுந்துபோகாத பாலியஸ்டர் நூல். கடைசியில் உருவி எறியப்போகிற நூல் என்பதால் நிறம் தெரிந்தால்தான் நல்லது. ஒவ்வொரு வரிக்கும் தனி நூல், ஒரு முனையில் பெரிய முடிச்சு. ஒவ்வொரு புள்ளியிலும் ஊசியால் துணியை ஒரு நூலிழை அளவுக்கு மட்டும் குத்தி எடுத்து, அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். வரி முடிந்ததும் நூலை ஒரு சாண் நீளம் விட்டு வெட்ட வேண்டும்.

ஒன்பது வரியும் ஓட்டிய பிறகு, இரண்டிரண்டு நூலாகச் சேர்த்து மெதுவாக இழுத்தார். துணி சுருங்கிச் சுருங்கி வந்தது. ஆனால், நாலாவது வரிக்கு அருகில் ஒரு மடிப்பு மட்டும் இரட்டை அகலத்தில் உப்பி நின்றது. உள்பக்கம் திருப்பிப் பார்த்தால், ஒரு புள்ளி குத்தாமல் விட்டுப்போயிருக்கிறது! மடிப்பு ஓரிடத்தில் தடிமனாக இருந்தால் புள்ளி தவறியிருக்கிறது, சாய்ந்திருந்தால் புள்ளி வரியை விட்டு விலகியிருக்கிறது என்று அர்த்தம். இதைப் பூத்தையல் போட்ட பிறகு கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். இப்போதென்றால் அந்த ஒரு நூலை உருவி மறுபடி ஓட்டினால் போதும். அதைத்தான் செய்தார்.

பிறகு துணியின் மேலும் கீழும் பிடித்து இழுத்துவிட, மடிப்புகள் சீப்புப் பல் போல நேராயின. 20-க்குப் பதில் 18.5 சென்டிமீட்டராகச் சுருக்கி, நூல் முனைகளை ஜோடி ஜோடியாக முடிந்தார். சுருக்க நூலை எடுத்ததும் துணி கொஞ்சம் தளர்ந்து அகலும். அதற்காகத்தான் இந்தக் குறைவு.

ஊசி படுத்திருக்க வேண்டும்

பூத்தையலுக்கு நீல எம்பிராய்டரி நூல். ஆறு இழையில் மூன்றைப் பிரித்து, ஒரு முழ நீளத்துக்கு எடுத்துக்கொண்டார். அதைவிட நீளமானால், துணிக்குள் போய்வந்தே நூல் பிசிறிவிடும். தையல் இடமிருந்து வலமாகப் போகும். ஊசி முனை மட்டும் இடப்பக்கம் பார்க்கும். ஒரு குத்துக்கு ஒரு மடிப்புதான். அதுவும் மடிப்பின் உயரத்தில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும். ஆழமாகக் குத்தினால் மடிப்பு நசுங்கிவிடும். நுனியில் மட்டும் பிடித்தால் நூல் தொங்கும்.

முதல் வரி கேபிள் தையல். ஒரு மடிப்பில் நூல் ஊசிக்குக் கீழே, அடுத்த மடிப்பில் ஊசிக்கு மேலே என்று மாறி மாறிப் போட்டால், செங்கல் அடுக்கியது போல வரும். இரண்டாம் வரி காம்புத் தையல். இதில் நூல் கடைசி வரை ஒரே பக்கம்தான், முறுக்கிய கயிறு போலத் தெரியும்.

பத்து மடிப்பு தாண்டியதும் அவரது கேபிள் வரி மெல்ல மேலேறத் தொடங்கியது. "ஊசி படுத்திருக்கணும்மா, நிக்கக் கூடாது. அடியில ஓடுற சுருக்க நூலையே பாத்துக்கிட்டுப் போ" என்றார் பெரியம்மா. சுருக்க நூல் மடிப்பு பிடிக்க மட்டுமல்ல, தையல் கோடு தவறாமல் இருக்கவும்தான். ஊசி அதற்கு இணையாகப் போனால் வரி நேராக வரும்.

காம்புத் தையலில் இன்னொரு சிக்கல் உண்டு. எல்லாக் குத்தும் ஒரே பக்கம் முறுக்குவதால், மடிப்புகளும் ஒரு பக்கமாகச் சாயும். அதனால் இரண்டாம் வரியில் நூலைக் கீழே வைத்தால், மூன்றாம் வரியில் மேலே வைக்க வேண்டும். ஒன்றின் சாய்வை மற்றொன்று சரிக்கட்டும். நான்காவது கேபிள், ஐந்தும் ஆறும் எதிரெதிர்க் காம்பு, ஏழாவது மறுபடி கேபிள் என்று முடித்தார்.

நூல் நடுவில் தீர்ந்தால் இரண்டு மடிப்புக்கு இடையிலான பள்ளத்தில் ஊசியை உள்ளே இறக்கி, பின்பக்கம் முடிய வேண்டும். புதுநூல், கடைசியாகக் குத்திய அதே மடிப்பின் இடப்பக்கம் எழ வேண்டும். அப்போது இணைப்பு வெளியே தெரியாது.

நூலை உருவும் நேரம்

கேபிளும் காம்பும் இறுக்கமான தையல்கள், அதிகம் இழுபடாது. தேன்கூட்டுத் தையல் போல விரிந்து கொடுக்காது. ஆகவே, தலை வழியாக மாட்டும்படி தைக்காமல் கவுனுக்கு முதுகில் திறப்பும் பட்டனும் வைத்தார்.

முடித்த துணியை மெத்தை மேல் 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு நீட்டி, குண்டூசி குத்தி, இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் தூக்கிப் பிடித்து ஆவி மட்டும் காட்டினார். பெட்டி அழுத்தினால் 100 மடிப்பும் தட்டையாகிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு முடிச்சை வெட்டி, சுருக்க நூல்களை ஒவ்வொன்றாக உருவினார். மேல் காவல் வரியின் நூலை மட்டும் விட்டுவைத்தார். நெஞ்சுக்கு மேலே வரும் பட்டியை இணைத்துத் தைத்த பிறகுதான் அதை எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. முன்பக்கத்தை இரு கையாலும் மெல்ல இழுத்துவிட்டார். மடிப்புகள் பழைய இடத்துக்கே திரும்பின. குழந்தையின் விரல் மாட்டுகிற அளவுக்கு எங்கும் நூல் தொங்கவில்லை. மேலிருந்து கீழ் வரை மடிப்புகள் ஒரே நேர்க்கோட்டில் நின்றன. கவுனைக் கடைக்கு எடுத்துப்போகும் பையில் மடித்து வைக்காமல், தளர்வாகச் சுருட்டி வைத்தார்.