450 ரூபாயில் 350 யாருடையது?

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையை அம்பத்தூர் தொழிற்பேட்டைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. பட்டறைக்குள் புகுந்த தண்ணீரை இறைத்து, மோட்டாரைக் காயவைத்து, நனைந்த பில்களைப் பிரித்து உலர்த்தி முடிப்பதற்குள், அந்த மாதத்து ஜிஎஸ்டி தாக்கலுக்கான கடைசி நாள் வந்துவிட்டது. நவம்பர் மாதத்துக்கான GSTR-3B ரிட்டர்னை டிசம்பர் 20-க்குள் போட வேண்டும். அந்த 20-ஆம் தேதியன்றே மத்திய அரசின் அறிவிக்கை வந்தது. எண் 55/2023, மத்திய வரி. சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ஆகிய நான்கு மாவட்டங்களில் மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு மட்டும் கடைசி நாள் டிசம்பர் 27 வரை தள்ளிவைக்கப்பட்டது.

இங்கேதான் ஒரு சிக்கலுக்கு இடம் இருக்கிறது. தாமதக் கட்டணத்தை அதிகாரி யாரும் உட்கார்ந்து போடுவதில்லை. போர்ட்டல் தானாகவே கணக்கிடுகிறது. தாக்கல் செய்த தேதியிலிருந்து கடைசித் தேதியைக் கழித்து, நாளுக்கு 50 ரூபாய் வீதம் பெருக்குகிறது. மத்திய வரிக் கணக்கில் 25, மாநில வரிக் கணக்கில் 25. கழிக்கும் கடைசித் தேதி எது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நாடு முழுவதற்கும் 20, நான்கு மாவட்டங்களுக்கு மட்டும் 27. போர்ட்டலில் ஒருவருடைய கணக்குக்குப் பழைய தேதியே நின்றுவிட்டால், தொகையும் பழைய தேதிப்படிதான் வரும்.

ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூரில் நாலைந்து லேத் மெஷின்கள். கணக்கு எழுத ஒரு பெண். அவர் நவம்பர் ரிட்டர்னை டிசம்பர் 29 அன்று தாக்கல் செய்தார். அப்போது போர்ட்டல் எந்தக் கட்டணமும் கேட்கவில்லை. ஜனவரி 20-க்குள் போட வேண்டிய டிசம்பர் ரிட்டர்னை இரண்டு நாள் முன்னதாகவே திறந்தால், தாமதக் கட்டணம் 450 ரூபாய் என்று நிற்கிறது.

"என்னம்மா, இந்தத் தடவை நேரத்துக்குத்தானே போடறோம்? இதுக்கு எதுக்கு ஃபைன்?" என்பார் முதலாளி.

"இது டிசம்பருக்கு இல்ல சார், நவம்பருக்கு. போன மாசத்து லேட் ஃபீஸை அடுத்த மாச ரிட்டர்ன்லதான் கேட்கும்."

பலரும் தடுக்கி விழும் இடம் இது. ஒரு ரிட்டர்ன் எத்தனை நாள் தாமதம் என்பது அதைத் தாக்கல் செய்த பிறகுதான் போர்ட்டலுக்கு உறுதியாகும். அதனால் அந்தக் கட்டணம் அடுத்த ரிட்டர்னில் வந்து உட்காரும். இது தெரியாமல், 'நான் சரியான நேரத்தில் தாக்கல் செய்தும் கட்டணம் போட்டுவிட்டார்கள்' என்று இந்த மாதத் தேதியைக் காட்டிப் புகார் எழுதினால், கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதாகிவிடும்.

சரி, நவம்பருக்கு என்றே வைத்துக்கொண்டாலும் 450 சரியா? 29-லிருந்து 20-ஐக் கழித்தால் ஒன்பது நாள். ஒன்பது ஐம்பது 450. ஆனால் அம்பத்தூர்ப் பட்டறைக்குக் கடைசி நாள் 27. தாமதம் இரண்டே நாள்தான், கட்டணம் 100 ரூபாய். ஆக, தகராறு 350 ரூபாய்க்குத்தான். வெள்ளத்தைக் காட்டி 450 முழுவதையும் திருப்பிக் கேட்கத் தோன்றும். கேட்டால் புகார் பலவீனமாகிவிடும். அறிவிக்கை தேதியைத்தான் தள்ளிவைத்ததே தவிர, அதற்குப் பிறகான தாமதத்தை மன்னிக்கவில்லை.

அந்த 450-ஐ இப்போது கட்டுவதா, நிறுத்திவைப்பதா? கட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம். தாமதக் கட்டணப் பெட்டியில் போர்ட்டல் போட்ட தொகையை நாமாகத் திருத்த முடியாது. அதை உள்ளீட்டு வரியில் கழிக்கவும் முடியாது. கேஷ் லெட்ஜரிலிருந்து பணமாகத்தான் போக வேண்டும். ரோஷப்பட்டுக் காத்திருந்தால் ஜனவரி 20 கடந்துவிடும். அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு 50 ரூபாயும் நியாயமான கட்டணமாகவே ஆகிவிடும்.

கட்டுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சான்றுகளைத் திரட்ட வேண்டும். இதில் எல்லாத் தேதியும் தேதி அல்ல. வங்கியிலிருந்து சலான் கட்டிய தேதியைப் பலர் காட்டுவார்கள். அது பணம் லெட்ஜருக்குள் வந்த தேதி மட்டுமே. டிசம்பர் 19-ஆம் தேதியே பணம் போட்டிருந்தாலும், ஓடிபி அல்லது டிஜிட்டல் கையெழுத்து போட்டு ரிட்டர்னை முடித்த நாள்தான் தாக்கல் தேதி. அது, தாக்கல் செய்த நவம்பர் ரிட்டர்னைப் பிடிஎஃப்-ஆக இறக்கினால் மேலேயே Date of ARN என்ற வரியில் இருக்கும். முதல் சான்று அதுதான்.

இரண்டாவது, பதிவுச் சான்றிதழ். அறிவிக்கை பார்ப்பது முதன்மைத் தொழிலிடம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதை. பட்டறை ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருந்தால் திருவள்ளூர். அம்பத்தூர் 2018-இல் சென்னை மாவட்டத்துக்குப் போனது. 2017-இல் பதிவு செய்தவரின் சான்றிதழில் திருவள்ளூர் என்றே இருக்கலாம். இரண்டு மாவட்டமும் பட்டியலில் இருப்பதால் இதில் பயமில்லை. குடோன் மட்டும் ஆவடியில், முதன்மை முகவரி கோயம்புத்தூரில் என்றால் இந்தச் சலுகை கிடையாது. மூன்றாவது, அறிவிக்கையின் பிரதி. நான்காவது, 450 என்று காட்டிய அந்தப் படம்.

புகாரைப் பதிய வேண்டிய இடம் selfservice.gstsystem.in. பேசிக் கேட்க 1800-103-4786. போர்ட்டலுக்குள்ளேயே PMT-07 என்றொரு படிவம் கண்ணில் படும். வங்கியில் பணம் பிடித்தும் லெட்ஜரில் ஏறாதபோது போடும் படிவம் அது. தாமதக் கட்டணத் தகராறுக்கு அது பயன்படாது.

புகாரை எந்த மொழியில் எழுதினாலும் விஷயம் இவ்வளவு இருந்தால் போதும்:

'எங்கள் முதன்மைத் தொழிலிடம் சென்னை மாவட்டம், அம்பத்தூரில் உள்ளது. நவம்பர் 2023-க்கான GSTR-3B-ஐ 29.12.2023 அன்று தாக்கல் செய்தோம். அறிவிக்கை 55/2023-இன்படி எங்களுக்குக் கடைசி நாள் 27.12.2023. எனவே தாமதம் 2 நாள், கட்டணம் ரூ.100. டிசம்பர் 2023 ரிட்டர்னில் 20.12.2023-இலிருந்து 9 நாள் எனக் கணக்கிட்டு ரூ.450 பெறப்பட்டுள்ளது. அதிகப்படியான ரூ.350-ஐ, மத்திய வரி ரூ.175, மாநில வரி ரூ.175 என எங்கள் கேஷ் லெட்ஜரில் வரவு வைக்க வேண்டுகிறோம்.'

புயலைப் பற்றியோ, மோட்டார் கெட்டதைப் பற்றியோ ஒரு வரிகூட வேண்டாம். தகராறு கழித்தலில்தான், படிக்கிறவர் அதை மட்டும் சரிபார்த்தால் போதும். பதிந்ததும் கிடைக்கும் டிக்கெட் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'கட்டணம் கணினியால் கணக்கிடப்பட்டது' என்ற ரீதியில் பதில் போட்டு டிக்கெட்டை மூடிவிட்டால், அந்தப் பதிலையும் சேர்த்து, தங்கள் பகுதிக்குரிய வரி அதிகாரிக்கு அதே புகாரைக் கொடுக்கலாம். எந்த அலுவலகம் என்பது போர்ட்டலில் அவரவர் விவரப் பக்கத்திலேயே இருக்கும்.

பணம் திரும்பி வந்ததா என்று பார்க்கும்போது கட்டணத் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. 2017-இல் ஜிஎஸ்டி தொடங்கிய முதல் மூன்று மாதங்களுக்கான தாமதக் கட்டணத்தை அரசு தள்ளுபடி செய்தபோது, ஏற்கெனவே கட்டியவர்களுக்கு அது கேஷ் லெட்ஜரில் கட்டணத் தலைப்பில் அல்ல, வரித் தலைப்பில் வரவு வைக்கப்பட்டது. லெட்ஜரின் எல்லாத் தலைப்புகளையும் தேதி வாரியாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது.