நுனி மட்டும் போதும்

இடுப்பைத் தொடும் என் மகளின் கூந்தலில் நுனிகள் வெடித்துச் செம்பட்டை பூத்திருந்தன. நான்கு விரற்கடை குறைத்துவிடலாம் என்றேன். "நீளம் குறையக் கூடாது உம்மா" என்று மறுத்துவிட்டாள். முடி உடையவர் அதைப் பேணி மதிக்க வேண்டும் என்னும் கருத்தில் அபூதாவூதில் நபிமொழி ஒன்று உண்டு. பேணவும் வேண்டும், நீளமும் குறையக் கூடாது என்றால், வெடித்த நுனிகளை மட்டும் தேடி நறுக்குவதே வழி.

முடியின் மேலுறை மீன் செதில்போல் அடுக்கடுக்காக அமைந்தது. சீப்பும் துணியும் உரச உரச, வயது முதிர்ந்த பகுதியாகிய நுனியில் அவ்வுறை தேய்ந்து, உள்ளிழைகள் பிரிகின்றன. ஈர முடி எளிதில் சேதமுறும். குளித்தவுடன் இறுகக் கட்டி முக்காடிடுவது வெடிப்பை வளர்க்கும். பிரிந்த இழையை எந்த எண்ணெயும் நிலையாக ஒட்டாது. நறுக்காமல் விட்டால் பிளவு மேலேறும்.

முடி நன்றாகக் காய்ந்து, சிக்கின்றி இருக்க வேண்டும். சன்னல் வெளிச்சத்தில் மகளை அமரச்செய்து, தோளில் வெள்ளைத் துணி விரித்தேன். முடி வெட்டுவதற்கென்றே உள்ள கூரிய கத்தரிக்கோல் அவசியம். காகிதம் வெட்டும் மழுங்கிய கத்தரி முடியை நசுக்கும். நசுங்கிய இடம் மீண்டும் வெடிக்கும்.

விரல் பருமனுக்கு ஒரு கற்றை பிரித்து, மேலிருந்து கீழாக இறுக முறுக்கினேன். முறுக்கின் பக்கங்களில் குட்டை நுனிகள் சிலிர்த்து நின்றன. கத்தரியை முறுக்குக்கு இணையாகப் பிடித்து, வெளியே நீட்டியவற்றை மட்டும் நறுக்கினேன். முறுக்கின் உடலில் அலகு படவே கூடாது. பிறகு எதிர்த்திசையில் முறுக்கியபோது, முன்பு மறைந்திருந்தவை வெளிப்பட்டன. இறுதியில் கற்றையின் அடிநுனியில் 3 மில்லிமீட்டர் மட்டும் எடுத்தேன்.

நீட்டி நிற்பதெல்லாம் வெடிப்பு அன்று. புதிதாக வளரும் முடியின் நுனி ஊசிபோல் மெலிந்து மென்மையாக இருக்கும். அதை விட்டுவிட வேண்டும். வெடித்தது கவைபோல் இரண்டாகவோ, இறகுபோல் பலவாகவோ பிரிந்திருக்கும். சிலவற்றில் வெண்புள்ளி தெரியும். அந்த இடத்தில் முடி ஒடியும். பிளவு முடியும் இடத்திலேயே வெட்டாமல், அதற்குச் சற்று மேலே நல்ல முடியில் வெட்டினால்தான் பிளவு தொடராது.

ஏறத்தாழ முப்பது கற்றைகள். அஸர் முடிந்து அமர்ந்த நாங்கள் மஃரிபுக்குச் சற்று முன்புதான் எழுந்தோம். துணியில் விழுந்தவை தூசிபோன்ற துணுக்குகளே. முடி மாதத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இவ்வாறு செய்தால், வளர்ச்சியில் பெரும்பகுதி நீளத்தோடு சேரும்.

இதற்கும் எல்லை உண்டு. பின்னலின் அடிப்பகுதி எலிவால்போல் மெலிந்து, பிளவு ஓரங்குலத்துக்கு மேல் ஏறியிருந்தால் முறுக்கி நறுக்குவது பயன் தராது. அங்கே நேராக வெட்டுவதே முறை. மகளுக்கு அந்நிலை வரவில்லை. இப்போது முடி காய்ந்த பின்னரே அவள் முக்காடு அணிகிறாள்.