நாலாவது ஃபோட்டோவில் பின்னாடி நின்ன பையன்

க்ளினிக்கில் ஒரு குழந்தையோட தோல் தடிப்பை ஃபோட்டோ எடுக்கணும்னாகூட பெத்தவங்ககிட்ட கேட்டுட்டுதான் எடுப்பேன். எதுக்கு எடுக்கிறேன், யார் பார்ப்பாங்கன்னு சொல்லி கையெழுத்து வாங்குவேன். வைத்தியத்துக்குக் கொடுத்த சம்மதம் ஃபோட்டோவுக்குச் செல்லாது. ஜூனியர்களுக்கு இதைப் பாடமா எடுக்கிற நான், பையனோட ஸ்கூல் வாட்ஸப் குரூப்பில் செஞ்ச காரியம் இது.

ஸ்போர்ட்ஸ் டே. ரெண்டாங்கிளாஸ் சாக்குப் பந்தயத்தில் என் பையன் மூணாவது வந்தான். சந்தோஷத்தில் 11 ஃபோட்டோவைத் தட்டி விட்டேன். ஹார்ட்டா வந்து குவிஞ்சுது.

ராத்திரி ஒரு அம்மா தனியா கூப்பிட்டாங்க. "டாக்டர் சார், நாலாவது ஃபோட்டோ. உங்க பையனுக்குப் பின்னாடி கொஞ்சம் பெருசாக்கிப் பாருங்க."

பின்னாடி அவங்க பையன். டவுசர் முன்பக்கம் நனைஞ்சிருந்தது.

ஏழு வயசில் பகலில் இப்படி ஆகிறது அபூர்வம் இல்லை. பல பிள்ளைகளுக்கு மலச்சிக்கல்தான் காரணம். தேங்கின மலம் மூத்திரப்பையை அழுத்தும், அடக்க முடியாமப் போயிடும். சரிபண்ணிடலாம். ஆனா அதை ஊருக்கே காட்டினது நான்.

உடனே Delete for everyone கொடுத்தேன். அனுப்பி ரெண்டு நாள் சொச்சம் வரைக்கும்தான் அது வேலை செய்யும், அதுக்குள்ளதான் இருந்தேன். ஆனா ஃபார்வர்ட் ஆனதையும், ஸ்கிரீன்ஷாட்டையும், ஐஃபோன் கேலரியில் சேவ் ஆனதையும் அது தொடாது. மறுநாள் யாரோட அண்ணனோ அதை ஸ்டிக்கர் ஆக்கியிருந்தான். அந்தப் பையன் நாலு நாள் ஸ்கூலுக்கு வரலை.

அதுக்கப்புறம் குரூப்பில் "ஃபோட்டோ போடலாமா, யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"ன்னு கேட்டேன். எல்லாரும் கட்டைவிரல். அந்த அம்மாவும்! அப்பதான் உறைச்சுது. 40 பேர் முன்னாடி "வேண்டாம்"னு சொன்னா, ஏன்னு கேள்வி வரும். கணவர்கிட்ட இருந்து பிரிஞ்சு, ஸ்கூல் எதுன்னே தெரியக்கூடாதுன்னு இருக்கிற ஒருத்தங்க அங்க எப்படிச் சொல்லுவாங்க? பதில் போடாதவங்களையும் சம்மதம்னு எடுத்துக்க முடியாது.

இப்ப வருஷ ஆரம்பத்தில் அட்மின் ஒவ்வொருத்தருக்கும் தனியா மெசேஜ் அனுப்பறாங்க. வேணும், வேண்டாம், ரெண்டே பதில். காரணம் கேட்கிறதில்லை, எப்ப வேணா மாத்திக்கலாம். பதில் வரலைன்னா வேண்டாம்னு கணக்கு. சம்மதம் இல்லாத பிள்ளை ஃபோட்டோவில் இருந்தா வெட்டிட்டுதான் போடணும். கண்ணில் கறுப்புப் பட்டை போடறது வேலைக்காகாது; யூனிஃபார்ம், பக்கத்தில் நிக்கிற ஃப்ரெண்டு, இது போதும் கூட்டாளிங்க கண்டுபிடிக்க.

இது முழுசாக் காப்பாத்தாது. யாராவது அவசரத்தில் போடத்தான் செய்யறாங்க. அட்மின் அழிக்கிறதுக்குள்ள பத்துப் பேர் பார்த்துடறாங்க.

போன மாசம் ஆண்டு விழாவில் அதே பையனோட அம்மா சரின்னுட்டாங்க. அவன்கிட்டயும் கேட்டேன். ஃபோனை வாங்கி, ரெண்டு விரலால் பெருசாக்கி, தன் முகத்தைப் பார்க்காம டவுசரைப் பார்த்தான். "இது ஓகே அங்கிள். அந்த இன்னொண்ணு வேணாம்."

அந்த இன்னொண்ணில் எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலை. போடலை.