c3 குதிரையைத் தனியே விட்டுவிட்டுப் போன நாள்

போன குளிர்காலம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் நடந்த செஸ் போட்டியில் 24 நகர்வுகளில் தோற்றேன். தோல்வி எனக்குப் புதிதில்லை. நான்தான் வெல்கிறேன் என்று கடைசி ஐந்து நிமிடம் வரை நம்பியிருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

எனக்கு வெள்ளைக் காய்கள். எதிரே இருந்த பெடியன் சிசிலியன் டிராகன் ஆடினான். கறுப்பு ராஜா வலப்பக்கம் காஸ்லிங் செய்து g8-இல் இருக்கும். வெள்ளை ராஜா இடப்பக்கம் காஸ்லிங் செய்து c1-இல் இருக்கும். இப்படி இரண்டு ராஜாக்களும் எதிரெதிர்ப் பக்கம் போய்விட்டால் ஆட்டத்தின் குணமே மாறிவிடும். வழக்கமாக நம் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய்களை நாம் தொடமாட்டோம். இங்கே என் g, h சிப்பாய்களுக்குப் பின்னால் ராஜா இல்லை. ஆகவே பயமில்லாமல் அவற்றை ஓடவிடலாம். அவனுக்கும் அப்படித்தான்: c வரிசை திறந்திருக்கிறது, அவனுடைய யானை அங்கே வந்து என் ராஜாவைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

"யார் முந்துகிறாரோ அவர் வெல்வார்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் ஓடினேன். h சிப்பாயைப் பலி கொடுத்து h வரிசையைத் திறந்தேன். என் மந்திரியை h6-க்குக் கொண்டுபோய் அவனுடைய மந்திரியோடு மாற்றினேன். ராணி h6-இல் வந்து உட்கார்ந்தது. இனி f6-இல் நிற்கும் அவனுடைய குதிரையை மட்டும் விரட்டினால் போதும், h7-இல் அடித்து மேட் என்று கணக்குப் போட்டேன்.

அவன் யானையால் c3-இல் இருந்த என் குதிரையை அடித்தான். நான் b2 சிப்பாயால் யானையை எடுத்தேன். காய்க் கணக்கில் எனக்கு லாபம். ஆனால் என் ராஜாவுக்கு முன்னால் இருந்த சுவர் உடைந்துவிட்டது. அவனுடைய ராணி a5-க்கு வந்தது, மற்ற யானை c8-க்கு வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு நகர்விலும் ஏதாவது ஒரு அச்சுறுத்தல். என் மேட்டுக்குத் தேவையான அந்த ஒரு நகர்வை ஆட எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் செஸ் சொல்லித் தரும் அண்ணாவிடம் ஆட்டத்தைக் காட்டினேன். அவர் பலகையில் காய்களை அடுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உன்ரை ராணி d2-இல நிக்கேக்க c3 குதிரைக்கு எத்தினை காவல்?"

"ரெண்டு. ராணியும் b2 சிப்பாயும்."

"ராணி h6-க்குப் போன பிறகு?"

நான் பேசாமல் இருந்தேன்.

"நீ அடிக்கப் போனது பிழையில்லை தம்பி. வீட்டுக் கதவைத் திறந்து விட்டுட்டுப் போயிட்டாய்."

பிறகு அவர் ஒரு பழைய ஆட்டத்தைக் காட்டினார். 1974-இல் மாஸ்கோவில் கார்ப்போவும் கொர்ச்னோயும் மோதிய போட்டித் தொடரின் இரண்டாவது ஆட்டம் அது. கார்ப்போவுக்கு அப்போது 23 வயது. அதே டிராகன், அதே எதிரெதிர் காஸ்லிங். கார்ப்போவும் என்னைப் போலவே h சிப்பாயைப் பலி கொடுத்துவிட்டு g4 என்று தள்ளினார். கறுப்பு யானை c4-இல் நின்று என் எதிராளியின் யானை போலவே c3-ஐக் குறிபார்த்தது. இனி மந்திரியை h6-க்குக் கொண்டுபோவதுதானே?

கார்ப்போவ் போகவில்லை. 16-ஆவது நகர்வில் `Nde2`. d4-இல் நடுப் பலகையில் அழகாக நின்ற குதிரையைப் பின்னால் e2-க்கு இழுத்தார். பார்த்தால் பயந்து பின்வாங்கியது போலத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குதிரை இப்போது c3-க்குக் காவல். ராணி d2-ஐ விட்டுப் போனாலும் கதவு பூட்டியே இருக்கும். அதற்குப் பிறகுதான் 17-ஆவது நகர்வில் மந்திரி h6-க்குப் போனது, அடுத்ததில் ராணி போனது. நான் செய்த அதே வேலைதான். வரிசை மட்டும் வேறு.

அடுத்தது இன்னும் நல்லது. f6 குதிரையை விரட்ட கார்ப்போவுக்கு இன்னொரு காய் தேவை. e2 குதிரை f4-க்குப் போனால் உதவும். ஆனால் அது போனால் c3 மறுபடி பலவீனமாகிவிடும், யானைப் பலி வந்துவிடும். 19-ஆவது நகர்வில் அவர் `Rd3` ஆடினார். யானை ஒரு கட்டம் விட்டு மேலே ஏறி c3-க்குக் காவல் நின்றது. குதிரைக்கு விடுதலை.

அண்ணா இங்கே நிறுத்திக் கேட்டார்: "இது தாக்குதலோ, தற்காப்போ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு நடந்ததைப் பார்த்தால் புரியும். கார்ப்போவ் `20.g5` என்று ஒரு சிப்பாயைக் கொடுத்தார். கறுப்பு யானை அதை எடுக்க g5-க்குப் போனது. அதாவது c வரிசையை விட்டு வெளியேறியது. உடனே காவல் நின்ற யானை `21.Rd5` என்று பாய்ந்தது. கறுப்பு அதை எடுக்க, காவலில் இருந்த c3 குதிரை அதே d5-இல் திருப்பி அடித்து f6-ஐத் தாக்கியது. e2 குதிரை f4-க்கு வந்து சேர்ந்தது. `24.e5` என்ற சிப்பாய் நகர்வு ஐந்தாவது வரிசையை அடைத்தது. A5-இல் இருந்த கறுப்பு ராணியால் தன் ராஜாவுக்கு உதவ g5-க்கு வர முடியவில்லை. 27-ஆவது நகர்வில் கொர்ச்னோய் தோல்வியை ஒப்புக்கொண்டார். தற்காத்த காய்கள்தான் கடைசியில் தாக்கின.

இப்போது எதிரெதிர் காஸ்லிங் வந்தால் நான் ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் ஒன்றைத் தேடுகிறேன்: எதிராளியின் மிக மோசமான பலி எங்கே விழும்? டிராகனில் அது பெரும்பாலும் c3. அதை ஒரே நகர்வில் நிறுத்த முடியுமா என்று பார்க்கிறேன். முடிந்தால், அந்த நகர்வு என் தாக்குதலைக் கெடுக்காவிட்டால், முதலில் அதை ஆடுகிறேன். நிறுத்த இரண்டு மூன்று நகர்வுகள் வேண்டுமென்றால் தற்காப்பு வேண்டாம். என் கையில் ராஜாவுக்குச் செக் கொடுத்துக்கொண்டே போகும் வழி இருந்தால் ஓட வேண்டியதுதான்.

என் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயைத் தள்ளித் தற்காப்பதைத்தான் கடைசியாக யோசிப்பேன். a3 என்று தள்ளினால் கறுப்பின் b சிப்பாய் b4-க்கு வந்து மோத ஒரு இடம் கிடைத்துவிடும், என் பக்கமே வரிசை திறந்துவிடும். இதற்கும் விதிவிலக்கு உண்டு. இதே டிராகனில் கறுப்பு தன் ராஜாவுக்கு முன்னாலேயே h5 என்று தள்ளுகிற வழிக்கு அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஆண்ட்ரூ சால்டிஸின் பெயர் இருக்கிறது. அந்த ஒரு நகர்வு வெள்ளையின் h சிப்பாயை h4-இலேயே நிறுத்திவிடுகிறது. வரிசையைத் திறக்க வெள்ளை g4 என்று இன்னொரு சிப்பாயைப் பலியிட வேண்டிவரும். கறுப்புக்கு ஒரு நகர்வு செலவு, வெள்ளைக்கு அதைவிடக் கூடுதல் செலவு. கணக்கு சரியாக வருவதால் அது சரி.

மூன்று வாரம் கழித்து அதே பெடியனோடு மறுபடி ஆடினேன். அவன் யானை c4-க்கு வந்ததும் என் கை தானாக h6 பக்கம் போனது. கையை இழுத்துக்கொண்டு, d4 குதிரையை e2-க்குப் பின்வாங்கினேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

அந்த ஆட்டம் சமநிலையில் முடிந்தது. c3-இல் கடைசி வரை யாரும் அடிக்கவில்லை.