கையெழுத்துப் போட்ட தோள்

லாட் புல்டவுன் மெஷினில் 40 கிலோ வைத்து இழுத்தேன். ‘டப்’பென்று கேபிள் அறுந்தது, இழுத்த வேகத்தில் இரும்புக் கம்பி வலது தோளில் இறங்கியது. எலும்பில் விரிசல், 3 வாரம் லீவு.

ஜிம் ஓனர் அசராமல் ஃபாரத்தை நீட்டினார். ‘காயங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ கீழே என் கையெழுத்து! (சேரும்போது யார் சார் படிக்கிறார்கள்?)

எதிர்வீட்டு வக்கீல் மாமா சிரித்தார். “நீ சக்திக்கு மீறித் தூக்கி இடுப்பு பிடிச்சுக்கிட்டா, அது உன் ரிஸ்க். கேபிளை மாத்தாம விட்டது அவங்க சேவைக் குறைபாடுப்பா. கையெழுத்து அதை மூடிடாது. ஆனா கேபிள் நைஞ்சிருந்ததுன்னு நீதான் காட்டணும்.”

மறுநாளே புதுக் கேபிள் மாட்டிவிட்டார்கள், கில்லாடிகள்! நல்லவேளை, நண்பன் அன்றே பழசைப் போட்டோ எடுத்திருந்தான்: உறை வெடித்து, உள்ளே இழைகள் துருவேறி...

நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர 2 வருஷம் டயம் உண்டாம். மனுவை இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.