அம்மாவின் வங்கிப் படிவம்

மார்ச் 8ஆம் தேதி, காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு நிலையத்தின் உணவறையில் உட்கார்ந்திருந்தபோது, பழைய வீட்டின் பக்கத்து வீட்டு மக்சிக்கிடமிருந்து ஒரு படம் வந்தது. அம்மாவின் பெயருக்கு வங்கியிலிருந்து வந்த கடிதம். நாங்கள் செப்டம்பரிலேயே வீடு மாறிவிட்டோம். கடிதத்தின் தேதி பிப்ரவரி 20. விவரங்களை மறுபடியும் உறுதிசெய்து, மார்ச் 31க்குள் படிவத்தை அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

வாடிக்கையாளரின் அடையாளத்தை வங்கிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சரிபார்க்கின்றன. அம்மாவுக்கு அது கோபம். “ஏம்மா, இருபது வருஷமா அங்கதானே கணக்கு வச்சிருக்கேன், என்னைத் தெரியாதா இவங்களுக்கு?” எனக்கோ பயம். போன முறை ஆவணம் சரியில்லை என்று படிவம் திரும்பி வந்து, கணக்கு ஒன்பது நாள் முடங்கியது. அதே வாரம்தான் ஈப்போவில் இருக்கும் பெரியம்மாவின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது.

இம்முறை எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். அம்மா இங்கே நிரந்தரவாசி, குடியுரிமை மலேசியா. அவருடைய நீல நிற ஐசியோடு கடப்பிதழையும் கேட்டிருந்தார்கள். ஐசியில் சிக்கல் இல்லை. வீடு மாறியதும் புது முகவரி ஸ்டிக்கரைப் பின்பக்கம் ஒட்டியிருந்தோம். கடப்பிதழ் ஏப்ரல் 9 வரை செல்லும். கெடு மார்ச் 31தானே, போதும் என்று நினைத்தேன். சந்தேகத்துக்கு வங்கியைக் கூப்பிட்டேன். எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னார்: “நீங்க அனுப்புற நாளை நாங்க பார்க்கறதில்லைக்கா. அதிகாரி கையில எடுக்கிற நாள்ல ஆவணம் செல்லுபடியாகணும். அதுக்கு ரெண்டு வாரம்கூட ஆகலாம்.” 31ஆம் தேதி அனுப்பியிருந்தால், அதிகாரி பார்க்கும்போது கடப்பிதழ் காலாவதியாகியிருக்கலாம்.

முகவரிச் சான்று இன்னும் சிரமம். மூன்று மாதத்துக்குள் வந்த, அவர் பெயரிலேயே உள்ள கடிதம் வேண்டும். எங்கள் வீட்டு மின்சார, தண்ணீர்க் கட்டணம் தம்பி பெயரில் வருகிறது, அதனால் அது உதவாது. அம்மா அலமாரியைத் துழாவி இரண்டு தாள்களைக் கொண்டுவந்தார். மருத்துவமனைக் கடிதத்தில் புது முகவரி சரியாக இருந்தது, ஆனால் தேதி டிசம்பர் 4. மூன்று மாதம் தாண்டி நான்கு நாள். கைப்பேசிக் கட்டணச் சீட்டில் தேதி பிப்ரவரி 22, ஆனால் முகவரி பழையது. சீட்டில் பெரிதாகத் தெரிவது பணம் கட்டவேண்டிய கடைசி நாள். வங்கி பார்ப்பது மேலே சின்னதாக இருக்கும் சீட்டுத் தேதியை. அம்மா இரண்டையும் ஒன்றாக இணைத்து அனுப்பலாம் என்றார். ஒரே தாளில் இரண்டும் பொருந்த வேண்டுமாம்.

மறுநாளே கைப்பேசி நிறுவனத்தில் முகவரியை மாற்றினேன். மார்ச் 22 சீட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் ஒரு விடுப்பு நாளில் அம்மாவை ஜொகூர் பாருவுக்கு அழைத்துப்போய்க் கடப்பிதழைப் புதுப்பித்தோம். புதுக் கடப்பிதழில் எண்ணும் மாறிவிடும். வங்கி படிவத்தில் முன்கூட்டியே அச்சிட்டிருந்தது பழைய எண். அதை ஒற்றைக் கோட்டால் அடித்து, புதிய எண்ணை எழுதி, பக்கத்தில் அம்மா கையெழுத்திட்டார். வெள்ளை மை தடவக்கூடாது என்று படிவத்திலேயே எழுதியிருந்தது.

அதே பக்கத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வசிப்பிட முகவரிக்குக் கீழே, கடிதம் அனுப்பும் முகவரிக்குத் தனிக் கட்டம். அதில் பழைய வீடு. மக்சிக் இல்லையென்றால் கடிதம் எங்களுக்கு வந்தே இருக்காது.

கடைசியில் நிலையத்தில் செய்வதைச் செய்தோம். செய்தித்தாளை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிடுவோம். அம்மா ஐசியின் பின்பக்கத்தை ஒவ்வோர் எண்ணாக வாசித்தார். நான் படிவத்தில் விரல் வைத்துக்கொண்டு வந்தேன். புளோக் சரி. ஆறு இலக்க அஞ்சல் குறியீடும் சரி. “பூஜ்யம் எட்டு, ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு” என்றார். நான் எழுதியிருந்தது #08-121. அஞ்சல் குறியீடு முழு புளோக்குக்கும் ஒன்றே என்பதால், வீட்டு எண் பிசகினால் அது காட்டிக்கொடுக்காது.

“ரேடியோவுல தினமும் மணி சொல்றவ நீ” என்று அம்மா சிரித்தார். அதையும் அடித்து, எழுதி, கையெழுத்து.

24ஆம் தேதி அனுப்பினோம். ஏப்ரல் 3 அன்று ‘ஏற்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. அன்று மாலையே மக்சிக் வீட்டுக்கு அம்மா ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோனார்.